20 பைட்

எங்கள் அமைப்பின் சர்வரிலிருந்து தினமும் அதிகாலை 2.10 மணிக்கு ஒரு மின்னஞ்சல் கிளம்பும். தலைப்பில் backup OK என்று இருக்கும், உள்ளே எதுவும் இருக்காது. மேலாளர் அதற்கென்று ஒரு தனி ஃபோல்டர் வைத்திருந்தார். நான் சேர்ந்த 2023 மார்ச்சில் அதில் எழுநூறுக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் இருந்தன. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

அது குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனையும் சட்ட உதவியும் தரும் சிறிய அமைப்பு. வாரத்தில் இரண்டு நாள் அதன் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைக் கவனித்துவந்தேன். இங்கே இருந்தது ஒரே ஒரு சர்வர், அதில் ஒரே ஒரு டேட்டாபேஸ். ஆனால் அந்த டேட்டாபேஸில் இருந்தவற்றுக்கு வேறெங்கும் நகல் கிடையாது. ஒரு பெண் எந்தத் தேதியில் முதன்முதலாக வந்தாள், அன்று என்ன சொன்னாள், கையில் என்ன காயம் இருந்தது, அடுத்த முறை எப்போது வந்தாள் என்ற குறிப்புகள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் எழுதப்படும் குடும்ப நிகழ்வு அறிக்கையின் ஸ்கேன், மருத்துவமனைச் சீட்டு, புகைப்படம். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் "இவ்வளவு நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்கும்போது, "சொன்னாள், இந்தத் தேதியில் சொன்னாள்" என்று காட்ட இருப்பது அந்தக் குறிப்பு ஒன்றுதான்.

சேர்ந்த முதல் வாரத்தில் மேலாளரிடம் கேட்டேன். "கடைசியா எப்ப மேடம் பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?"

"அதுதான் தினமும் ஓகேன்னு வருதேம்மா."

இந்தப் பதிலை நான் நிறைய இடங்களில் கேட்டிருக்கிறேன். தவறான பதில் என்று அவரிடம் சொல்ல முடியாது. அந்த மின்னஞ்சல் எதைப் பற்றி "ஓகே" சொல்கிறது என்பதை யாரும் அவருக்கு விளக்கியிருக்கவில்லை. பேக்கப் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். பதினான்கு நாளுக்கான பதினான்கு கோப்புகள், தேதிவாரியாக, வரிசையாக. ஒவ்வொன்றின் அளவும் 20 பைட். 20 எம்பி அல்ல, 20 கேபி அல்ல. இந்த வாக்கியத்தைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும்.

ஸ்கிரிப்டின் உயிர்நாடியான வரி இது:

```
/usr/lib/postgresql/12/bin/pg_dump vazhakku | gzip > vazhakku.sql.gz
```

இதில் இரண்டு நிரல்கள் இருக்கின்றன. pg_dump டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுத்துத் தருகிறது. gzip அதை வாங்கிச் சுருக்கிக் கோப்பில் வைக்கிறது. நடுவில் உள்ள கோடுதான் இரண்டையும் இணைக்கும் குழாய். இந்த வரி முடிந்ததும் ஸ்கிரிப்ட், "வேலை சரியாக முடிந்ததா?" என்று கேட்கிறது. ஆனால் ஷெல்லின் வழக்கப்படி, குழாயில் கடைசியாக நிற்கும் நிரலின் பதில்தான் முழு வரிக்கும் பதிலாகிறது. ஒருத்தி மாவரைக்க வேண்டும், இன்னொருத்தி அதைப் பாத்திரத்தில் வாங்கி மூடி வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரைப்பவள் வரவே இல்லை. மூடி வைப்பவளிடம் மட்டும் கேட்டால், "என் வேலை முடிந்தது, பாத்திரத்தை மூடிவிட்டேன்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. gzip வெறுமையைச் சுருக்கினால் கிடைக்கும் கோப்பின் அளவுதான் 20 பைட். அதன் தலைப்பகுதியும் வால்பகுதியும் மட்டுமே அதில் இருக்கும்.

அரைப்பவள் ஏன் வரவில்லை? ஸ்கிரிப்டில் இருந்த 12 என்ற எண்தான் காரணம். முந்தைய நவம்பரில் டேட்டாபேஸைப் போஸ்ட்கிரெஸ் 12-இலிருந்து 14-க்கு உயர்த்தியிருந்தார்கள். பழைய pg_dump தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து எடுக்க மறுத்துவிடும். கையால் ஓட்டிப் பார்த்தபோது அது தெளிவாகவே சொன்னது:

```
pg_dump: error: aborting because of server version mismatch
```

நான்கு மாதமாக ஒவ்வொரு இரவும் இதையேதான் அது சொல்லிக்கொண்டிருந்தது. பிழைச் செய்தி சர்வருக்குள்ளேயே ரூட் பயனருக்கான அஞ்சல் கோப்பில் போய் விழுந்தது. அதை யாரும் திறப்பதில்லை. மேலாளருக்குப் போனது gzip சொன்ன "ஓகே" மட்டும். இதோடு இன்னொரு வரியும் தன் வேலையைச் சரியாகச் செய்துவந்தது. பதினான்கு நாளுக்கு மேற்பட்ட பழைய பேக்கப்பை அழிக்கும் வரி அது. அதனால் நவம்பர் மாதத்து நல்ல பிரதிகள் டிசம்பரிலேயே போய்விட்டன. அன்றைய நிலையில் அந்தப் பெண்களின் குறிப்புகள் அனைத்தும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 2017 ஜனவரி 31 அன்று, உலகெங்கும் மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில், ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் அது இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் 9.6, பேக்கப் எடுக்கப்போன pg_dump 9.2. "தோற்றுவிட்டது" என்ற மின்னஞ்சல்களோ, அனுப்புநரின் அடையாளச் சோதனையில் தேறாமல் பெறும் இடத்திலேயே தள்ளப்பட்டிருந்தன. விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தகவல் திரும்பி வரவில்லை. நடந்ததை மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அதனால்தான் நமக்கு இது தெரியும்.

முதல் வேலையாகப் புதிய pg_dump கொண்டு ஒரு பிரதி எடுத்தேன். குழாயே தேவைப்படாத -Fc வடிவத்துக்கு ஸ்கிரிப்டை மாற்றினேன். குழாய் வேண்டும் என்பவர்கள், பாஷ் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் set -o pipefail என்று ஒரு வரி சேர்த்தால், நடுவில் யார் தவறினாலும் முழு வரியும் தோற்றதாகக் கணக்காகும். இப்போது கோப்பின் அளவு 184 எம்பி. மேலாளருக்கு நிம்மதி. "முடிஞ்சுதாம்மா?" என்றார். முடியவில்லை என்றேன். அதிலிருந்து ஒரு கேஸைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கும்வரை அது 184 எம்பி எடையுள்ள ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

ரீஸ்டோர் சோதனையை ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் செய்யக் கூடாது. ஒரு சின்னக் கவனப்பிசகில் பழைய தகவல் புதியதன்மேல் எழுதப்பட்டுவிடும். தவிர, நாம் ஒத்திகை பார்ப்பதே அந்த சர்வர் இல்லாமல் போகும் நாளுக்குத்தான். அலுவலகத்தில் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து, டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்து, போஸ்ட்கிரெஸையும் எங்கள் மென்பொருளையும் அதில் ஏற்றினேன். பிறகு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்தேன்.

கேபிளைப் பிடுங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மென்பொருள், அடுத்த நாள் சந்திப்பு உள்ள பெண்ணுக்கு முதல் நாள் மாலை எஸ்எம்எஸ் அனுப்பும். அனுப்பச் சம்மதம் தந்த எண்களுக்கு மட்டும். அந்தச் சம்மதம் மாறிக்கொண்டே இருக்கும். "இந்த நம்பருக்கு இனிமே அனுப்பாதீங்க, போனை அவர் வாங்கி வச்சுக்கிட்டார்" என்று ஒருவர் நேற்று மதியம் சொல்லியிருப்பார். நேற்று அதிகாலை எடுத்த பேக்கப்புக்கு அது தெரியாது. அந்தப் பழைய நினைவோடு மென்பொருளை எழுப்பி இணையத்தோடு இணைத்தால், அது தன் கடமையைச் செய்யும். செய்தி அவளுடைய கணவன் கையில் ஒளிரும். பேக்கப் பற்றிய எந்தக் கையேட்டிலும் நான் படித்த எச்சரிக்கை அல்ல இது. அங்கே உட்கார்ந்து ஆலோசகர்கள் பேசுவதைக் கேட்டதால் தெரிந்தது.

அடுத்த தடை சாவி. வாரம் ஒருமுறை வெளியூரில் வாடகைக்கு எடுத்த சேமிப்பிடத்துக்கு, மறையாக்கம் செய்த ஒரு பிரதி போய்க்கொண்டிருந்தது. சரிசெய்த பிறகு போன முதல் பிரதியை அங்கிருந்து பென்டிரைவில் இறக்கி, லேப்டாப்பில் திறக்க முயன்றேன்.

```
gpg: decryption failed: No secret key
```

திறக்கும் சாவி சர்வரில் மட்டுமே இருந்தது. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. சர்வர் எரிந்துபோனால், திருடு போனால், வெளியூர்ப் பிரதியை உலகில் யாராலும் திறக்க முடியாது. மறையாக்கத்தின் நோக்கமே அதுதானே. சாவியை இரண்டு பென்டிரைவில் நகலெடுத்து, உறையிலிட்டு முத்திரை வைத்து, ஒன்றை ஓர் அறங்காவலரின் வங்கி லாக்கரிலும் மற்றொன்றை வேறு ஊரில் இருக்கும் இன்னொருவரிடமும் கொடுத்தோம். கடவுச்சொற்றொடர் அந்த இரண்டு உறையிலும் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது.

சாவி கிடைத்ததும் ரீஸ்டோர் தொடங்கியது:

```
createdb sothanai
pg_restore --exit-on-error -d sothanai vazhakku.dump
```

ஏதேனும் பிழை வந்தால் அங்கேயே நின்றுவிடு என்பதற்காக --exit-on-error. இருபத்தாறு நிமிடத்தில் பிழை இல்லாமல் முடிந்தது. கேஸ்களை எண்ணச் சொன்னேன். லேப்டாப்பில் 4,309. சர்வரில் 4,312. இந்த மூன்று எங்கே போனது என்று தெரியாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. பார்த்ததில் மூன்றும் பேக்கப் எடுத்த பிறகு, அன்று காலை பதிவானவை. கணக்கு சரி.

இத்தோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். நான் அங்கே பதினெட்டு வருடமாக வேலைசெய்யும் மூத்த ஆலோசகரை அழைத்தேன். "அக்கா, உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கிற அஞ்சு கேஸைத் திறந்து, எல்லாம் இருக்கான்னு பாருங்க." லேப்டாப் முன் உட்கார்ந்து ஒன்றைத் திறந்தார். குறிப்புகளைப் படித்தார், தலையாட்டினார். கீழே வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா, இந்தப் பொண்ணோட போட்டோவைக் காணோம்? நான்தானே எடுத்தேன். முதுகுல பெல்ட் தழும்பு, மூணு போட்டோ."

கோப்பின் பெயர் இருந்தது. அழுத்தினால் எதுவும் வரவில்லை. அடுத்த கேஸிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஸ்கேன்களும் புகைப்படங்களும் டேட்டாபேஸுக்குள் இருப்பதில்லை. அவை uploads என்ற ஃபோல்டரில் இருக்கும், டேட்டாபேஸில் பெயர் மட்டும்தான். அந்த ஃபோல்டரையும் சேர்த்து வாரம் ஒருமுறை tar கட்டளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு வருடத்துக்கு முன் டிஸ்க் நிரம்பியபோது, ஃபோல்டரைப் புதிய டிஸ்குக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ஒரு சிம்லிங்க் வைத்திருந்தார்கள். கடை இடம் மாறிய பிறகு பழைய கதவில் புதிய முகவரியை எழுதி ஒட்டுவது மாதிரி. மென்பொருள் அந்த முகவரியைப் பார்த்துப் புதிய இடத்துக்குப் போய்விடும், எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் tar தனியாகச் சொல்லாவிட்டால் முகவரிக்குப் போகாது. அந்தச் சீட்டை மட்டும் கிழித்து மூட்டையில் போட்டுக்கொள்ளும். பிழை எதுவும் காட்டாது, ஏனென்றால் அதன் கணக்கில் பிழையே இல்லை. 23 ஜிபி இருந்த மூட்டை ஒரே வாரத்தில் சில எம்பியாகச் சுருங்கியதை அது யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

4,309 என்ற எண்ணிக்கை எனக்கு இதைக் காட்டவில்லை. எந்த ஸ்கிரிப்டும் காட்டவில்லை. அந்தப் புகைப்படத்தை எடுத்தவருக்குத்தான், அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. ரீஸ்டோர் சோதனையின் கடைசிப் படியைக் கணினித் துறையினர் தனியாகச் செய்ய முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இந்தப் படியில் அந்தத் தகவலோடு வாழ்பவர் உட்கார வேண்டும்.

இதோடு பொருந்தும் ஒரு பழைய கதை உண்டு. 1998-இல், 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பில் இருந்தபோது, யாரோ ஒருவர் ஓட்டிய ஓர் அழிப்புக் கட்டளையால் பிக்ஸார் நிறுவனத்தில் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்கப்பைத் திறந்தால் அதுவும் சரியில்லை. படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மன். குழந்தை பெற்றிருந்த அவர், வீட்டிலிருந்தே வேலைசெய்ய ஒரு கணினியை வைத்திருந்தார். அதில் படத்தின் பிரதி இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றி, காரில் பத்திரமாகக் கட்டி ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தக் கதையை எல்லாரும் அதிர்ஷ்டம் என்றே சொல்கிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றும். அலுவலகத்துப் பேக்கப் யாரும் திறக்காமல் கிடந்த பிரதி. வீட்டில் இருந்தது குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி திறந்து வேலைசெய்த பிரதி. பயன்பாட்டில் இருக்கும் பிரதி கெட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும். பயன்பாட்டில் இல்லாததை நாமாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பேக்கப் பார்ப்பது, பழைய கோப்புகளைக் கழிப்பது, லாக் படிப்பது ஆகியவற்றுக்குக் கணினித் துறையில் "ஹவுஸ்கீப்பிங்" என்றே பெயர். நான் முன்பு வேலைபார்த்த நிறுவனத்தில் இந்த வேலை பெரும்பாலும் பெண்களிடம்தான் வந்து சேரும். "நீங்கதான் பொறுமையா பார்ப்பீங்க" என்பார்கள். புதிய சர்வர் நிறுவியவர் பெயர் மதிப்பீட்டு அறிக்கையில் வரும். மாதாமாதம் ரீஸ்டோர் செய்து பார்த்தவளின் பத்தியில் "பிரச்சினை எதுவும் இல்லை" என்று இருக்கும். பிரச்சினை இல்லாமல் இருந்ததே அவள் வேலை என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் இந்த அமைப்பில் நான் வாங்கிக்கொண்ட முதல் உத்தரவாதம், சோதனைக்கு என்று வேலை நேரத்தில் ஒதுக்கப்பட்ட அரை நாள். மாலை ஆறு மணிக்குமேல் "சும்மா ஒருதரம் பார்த்துடும்மா" என்று செய்யச் சொல்வதாக அது இருக்கக் கூடாது. செய்தவர் பெயரோடும், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, எத்தனை மணி நேரம் ஆனது என்ற விவரத்தோடும் நிர்வாகக் குழுவின் குறிப்பேட்டில் அது பதிவாக வேண்டும்.

இப்போது எங்கள் முறை இப்படி. தினசரி மின்னஞ்சலில் "ஓகே" என்ற சொல் இல்லை. நேற்றைய கோப்பின் அளவு, இன்றைய அளவு என்று இரண்டு எண்கள் வருகின்றன. பத்து சதவீதத்துக்குமேல் குறைந்தால் தலைப்பிலேயே சொல்லும். மின்னஞ்சலே வராத நாளும் பிழை நாள்தான், அன்று மேலாளர் என்னை அழைக்க வேண்டும். மாதம் ஒருமுறை டேட்டாபேஸை லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து எண்ணிக்கை பார்க்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூர்ப் பிரதி, உறையிலிருக்கும் சாவி, uploads எல்லாவற்றையும் சேர்த்து முழு ஒத்திகை. டேட்டாபேஸில் பெயர் உள்ள ஒவ்வொரு படமும் டிஸ்கில் இருக்கிறதா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் சரிபார்க்கும். அதன் பிறகும் ஓர் ஆலோசகர் ஐந்து கேஸைத் திறப்பார். ஒவ்வொரு முறையும் வேறு ஆலோசகர், வேறு ஐந்து. பார்த்து முடித்த அன்றே லேப்டாப்பிலிருந்து எல்லாம் அழிக்கப்படும். காப்பாற்றுவதற்காக எடுத்த நகலே வெளியே கசியும் வழியாகிவிடக் கூடாது.

இதற்கும் எல்லை உண்டு. இன்று தேறிய சோதனை நாளைய பேக்கப்புக்கு உத்தரவாதம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் யாரோ தவறுதலாக அழித்த ஒரு கேஸைப் பதினான்கு நாள் பேக்கப்புகள் திரும்பத் தராது. அதற்காக மாதத்துக்கு ஒரு பிரதியை ஒரு வருடம் வைத்திருக்கிறோம்.

சென்ற ஒத்திகையில் முழுதும் திரும்பிவர 3 மணி 40 நிமிடம் ஆனது. அதில் ஒரு மணி நேரம் உறையைத் தேடியதில் போனது. லாக்கர் வைத்திருப்பவர் ஊரில் இல்லை. குறிப்பேட்டில் அதையும் எழுதியிருக்கிறோம். அடுத்த ஒத்திகையை நான் இல்லாமல், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், எழுதிவைத்த படிகளை மட்டும் பார்த்துச் செய்யப்போகிறாள். அவள் எங்கே நிற்கிறாளோ, அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.